“தொடக்கநிலை” என்று எழுதியதில் வந்த வினை: பேச்சுத் தமிழ் வகுப்பு அறிவிப்பைப் பற்றி

காரைக்குடியில் இருந்துகொண்டு, வெளிநாடுகளில் வாழும் பெரியவர்களுக்கு இணையவழியில் பேச்சுத் தமிழ் கற்பிப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்தப் பக்கத்து ஊர்களோடு ஏதோ ஒரு வகையில் ஒட்டுறவு உள்ளவர்கள். ஐயா காலத்தில் மலாயாவுக்குக் கொண்டுவிற்கப் போன குடும்பத்துப் பேரன், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த மகள், தேவகோட்டைப் பெண்ணை மணந்துகொண்ட வெளிநாட்டுக்காரர் என்று ஒரே வகுப்பில் மூவரும் அமர்ந்திருப்பார்கள். அப்படி அமர வைத்ததுதான் நான் செய்த பிழை. அதற்குக் காரணம், சேர்க்கைக்காகச் சமூக ஊடகத்தில் இட்ட ஒரு படத்தின் கீழே நான் எழுதிய மூன்று வரி அறிவிப்பு.

அந்த அறிவிப்பு இதுதான்: “பேச்சுத் தமிழ் வகுப்பு. தொடக்கநிலை, இடைநிலை, மேல்நிலை. சனிக்கிழமை காலை 6 மணி.” பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. எந்த நிலை என்பதைச் சேருகிறவரே தேர்ந்துகொள்ளும்படி விட்டிருந்தேன். தமிழைப் பொறுத்தவரை அந்தத் தேர்வைத் தம்மைத் தாமே கேட்டுச் சரியாகச் செய்யக்கூடியவர் மிகச் சிலரே என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நியூ ஜெர்சியில் இருந்து சேர்ந்த ஒரு பெண்மணி, வயது நாற்பதுக்குச் சற்று மேல், தமக்குத் தமிழ் வராது என்று கூறித் தொடக்கநிலையைத் தேர்ந்திருந்தார். முதல் வகுப்பில் நான் “உங்க பேரு என்ன, எந்த ஊரு” என்று தொடங்கி மெதுவாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பின்னணியில் ஒரு மூதாட்டியின் குரல், “ஏத்தா, அடுப்புல பால வச்சுட்டு அங்கனயே உக்காந்திருக்க?” என்று கேட்டது. அவர் உடனே எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பால், அடுப்பு, கண்டிப்பு என்று அந்த வாக்கியம் முழுவதும் ஒரு நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பதிலை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத்தான் போனார். “எந்த ஊரு” என்ற கேள்வியை அவருக்கு மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தேன். நான்காவது வாரம் அவர் வரவில்லை. அதே வகுப்பில், தமிழ் ஓசையையே முதன்முதலாகக் கேட்கும் ஒருவரும் இருந்தார். அவருக்கு என் வேகம் அதிகம். ஒருவருக்குச் சலிப்பு, மற்றவருக்கு மூச்சுத்திணறல்.

வீட்டில் கேட்டு வளர்ந்தவரின் காதும் நாவும் ஒரே நிலையில் இருப்பதில்லை. காது இருபது ஆண்டுகள் முன்னே போயிருக்கும். நாவு ஐந்து வயதில் நின்றிருக்கும். பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாளில் இருந்து அந்தக் குழந்தை பெரியவர்களின் தமிழுக்கு வேற்றுமொழியில் பதில் சொல்லிப் பழகிவிட்டது என்பதே இதற்குக் காரணம். இதற்கு நேர்மாறான இன்னொரு வகையினரும் உண்டு. புத்தகத்தில் தமிழ் கற்றவர்கள் “நான் வந்துகொண்டிருக்கிறேன்” என்று இலக்கணப் பிழையின்றிச் சொல்வார்கள். ஆனால் எதிரில் இருப்பவர் “வந்துக்கிட்டிருக்கேன்” என்றால் விழிப்பார்கள். இவர்கள் தம்மை மேல்நிலை என்று குறிப்பார்கள். எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே இவ்வளவு தூரம் உள்ள மொழியில், “உங்களுக்குத் தமிழ் எவ்வளவு தெரியும்” என்ற ஒற்றைக் கேள்விக்கு ஒற்றை விடை இருக்க முடியாது.

எனவே இப்போது எவரையும் வகுப்பில் சேர்க்கும் முன் பதினைந்து நிமிடம் இணையவழியில் பேசிப் பார்க்கிறேன். இதில் எழுத்து வேலை இல்லை. தேர்வு என்ற சொல்லையும் நான் பயன்படுத்துவதில்லை. காதுக்கு ஒரு மதிப்பெண், நாவுக்கு ஒரு மதிப்பெண் என்று இரண்டையும் தனித்தனியே ஐந்துக்குக் குறித்துக்கொள்கிறேன். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பதில்லை. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் வகுப்பைத் தீர்மானிக்கிறேன்.

காதைச் சோதிக்க எனக்கு மிகவும் உதவுவது “வந்தா” என்ற ஒரே சொல். பேச்சில் “அவள் வந்தாள்” என்பதும் “அவ வந்தா” என்றே ஒலிக்கிறது. “அவள் வந்தால்” என்பதும் “அவ வந்தா” என்றே ஒலிக்கிறது. “அவன் வந்தான்” என்பதில் ஈற்று னகரம் தேய்ந்து, கடைசி உயிர் மூக்கொலியாக மட்டும் எஞ்சுகிறது. மூன்றையும் சிறு வாக்கியங்களில் வைத்துச் சொல்லி, வந்தது ஆணா பெண்ணா, அல்லது இன்னும் வரவே இல்லையா என்று கேட்பேன். வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் யோசிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். புத்தகத்தில் படித்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மலிவான ஒலிபெருக்கியில் அந்த மூக்கொலி காணாமலே போய்விடும் என்பதால், காதில் மாட்டும் ஒலிப்பானோடு வரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்ட நாட்களில், நல்ல காதுள்ளவரையும் நான் குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன்.

நாவைச் சோதிக்க, “இன்னைக்குக் காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க” என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். இந்தக் கேள்வி இறந்தகால வினைகளை வரிசையாக வெளியே இழுத்துவிடும். “குடிச்சேன், படிச்சேன்” என்று சரியாகச் சொல்லிவிட்டு, அதே போக்கில் “பூங்காவில் நடிச்சேன்” என்று ஒருவர் சொன்னால், வினை வகைகள் இன்னும் அவருக்குள் பிரியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அவர் நடந்துதான் வந்திருக்கிறார், நடிக்கவில்லை. அடுத்து, “நாளைக்கு நாம கோயிலுக்குப் போறோம்” என்றும் “நாங்க கோயிலுக்குப் போறோம்” என்றும் சொல்லி, “இதுல நீங்க வர்றீங்களா இல்லையா” என்று கேட்பேன். பிறகு அவரையே அப்படி இரண்டு வாக்கியம் சொல்லச் சொல்வேன்.

கடைசியாக ஒரு தொலைபேசி நாடகம். நான் ஊரில் உள்ள பெரியப்பச்சியாக, அதாவது அப்பாவின் அண்ணனாகப் பேசுவேன். அவர் என்னை நலம் விசாரிக்க வேண்டும். வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் பலர் இங்கே “நீ சாப்பிட்டியா?” என்று என்னையே கேட்டுவிடுகிறார்கள். அதில் மரியாதைக் குறைவு சிறிதும் இல்லை. குழந்தையாக இருந்தபோது அவர்கள் கேட்ட தமிழ் முழுவதும் அவர்களை நோக்கிச் சொன்ன “நீ வா, நீ தின்னு, நீ தூங்கு” என்பதுதான். “நீங்க” என்று அவர்களிடம் எவர் சொல்லியிருப்பார்? (ஆயாவையும் அப்பத்தாவையும் நீ என்று கூப்பிடும் வீடுகள் இங்கே நிறைய உண்டு, அதை நான் திருத்துவதில்லை. பெரியப்பச்சியிடம் மட்டும் அது செல்லாது.)

வட்டார வழக்கைப் பிழையாகக் கணக்கிடாமல் இருப்பதற்குச் சோதிப்பவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். காலை உணவு உண்டதை மலேசியத் தமிழர் “பசியாறிட்டேன்” என்பார். எங்கள் வீடுகளிலும் அப்படிச் சொல்வது உண்டு. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வளர்ந்தவர் “பேசினேன்” என்னாமல் “கதைச்சேன்” என்பார். “ஆச்சி” என்றால் எங்கள் பக்கம் அக்காவையும் மணமான பெண்ணையும் குறிக்கும். திருநெல்வேலியில் அது பாட்டி. இவற்றைக் கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்தால், அவர் தம் வீட்டில் இருந்து கொண்டுவந்த நல்ல தமிழையே நாம் தவறு என்று சொன்னதாகிவிடும்.

நான்காம் வாரம் வராமற்போன அந்தப் பெண்மணியை ஆறு மாதம் கழித்து அழைத்து, இதே உரையாடலைச் செய்து பார்த்தேன். காது ஐந்துக்கு ஐந்து. நாவு ஒன்றரை: எல்லாக் கேள்விக்கும் “ஆமா”, “இல்ல”, “சாப்பிட்டேன்” என்று ஒற்றைச் சொல். புரியும் ஆனால் பேச வராது என்பவர்களுக்காக அப்போது நான் தொடங்கியிருந்த தனி வகுப்பில் அவரைச் சேர்த்தேன். அங்கே அறிமுக வாக்கியங்கள் கிடையாது. ஒற்றைச் சொல் விடையை இரண்டு வாக்கியமாக்குவதும், பிறகு “ஏன்னா”, “அதனால”, “வந்தப்ப”, “போறதுக்கு முன்னாடி” போன்றவற்றால் அவற்றை இணைப்பதும்தான் முதல் இரண்டு மாத வேலை. மூன்றாம் மாதத்தில், பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்ததைப் பற்றி இடையில் ஆங்கிலம் கலக்காமல் நான்கு நிமிடம் பேசினார். “நடிச்சேன்” இன்னும் அவ்வப்போது வருகிறது.

நேரத்தைப் பற்றிய வரியும் என்னைப் படுத்தியதுதான். “சனிக்கிழமை காலை 6 மணி” என்பது இந்திய நேரம் என்பதுகூட அதில் இல்லை. இந்தியாவில் சனிக்கிழமை காலை 6 மணி ஆகும்போது நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் வெள்ளிக்கிழமை இரவுதான், கோடையில் 8.30, குளிர்காலத்தில் 7.30. முதல் வாரம் சனிக்கிழமை மாலை கணினி முன் அமர்ந்து காத்திருந்தவர்கள் இருவர். நாம் கடிகாரத்தை மாற்றுவதில்லை; அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுகிறார்கள். நவம்பரில் மாறிய பிறகும் பழைய நினைவில் 8.30க்கு வருகிறவர், ஒரு மணி நேர வகுப்பு முடியும் தறுவாயில்தான் உள்ளே நுழைவார். லண்டனில் மாற்றம் வேறு ஞாயிறுகளில் வருகிறது. சிங்கப்பூரும் கோலாலம்பூரும் ஆண்டு முழுவதும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே நிற்பதால் அங்கே தொல்லை இல்லை. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே நேரம் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டு, நான் இரண்டு நேரம் வைத்தேன்.

இப்போது படத்தின் கீழே நான் எழுதுவது இது:

“வீட்டில் பேசும் தமிழ் புரிகிறது, ஆனால் பதில் சொல்ல நாவு எழவில்லை என்பவர்களுக்கான வகுப்பு. வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், ஆறு பேர் மட்டும். முதல் குழு: நியூயார்க்கில் வெள்ளி இரவு 8.30 (நவம்பர் முதல் மார்ச் வரை 7.30), சிங்கப்பூரில் சனி காலை 8.30, இந்தியாவில் சனி காலை 6.00. இரண்டாம் குழு: லண்டனில் சனி பிற்பகல் 2.00 (குளிர்காலத்தில் 1.00), துபாயில் சனி மாலை 5.00, இந்தியாவில் சனி மாலை 6.30. சேரும் முன் பதினைந்து நிமிடம் பேசிப் பார்ப்போம். அதற்குக் கட்டணம் இல்லை, படித்துவிட்டு வர வேண்டியதும் இல்லை. தமிழே புதிது என்பவர்களுக்கும், எழுத்துத் தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கும் தனித்தனி வகுப்புகள் உண்டு. எது உங்களுக்கு என்பதை அந்தப் பேச்சின் முடிவில் சொல்கிறோம்.”

இது முன்னதைவிட நீளம். படத்தின் கீழே முதல் இரண்டு வரிகளுக்கு மேல் மறைந்துவிடும் என்று என் தம்பி மகன் சொன்னான். அதனால்தான் வகுப்பு யாருக்கு என்பது முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. சேருகிறவர்கள், எந்த வகுப்பானாலும், பணம் கட்டும் முன் இரண்டு செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: நிலையைச் சோதிப்பது பேச்சிலா, அல்லது சரியான விடையைத் தொட்டுக் காட்டும் வினாத்தாளிலா, தவறான வகுப்பில் விழுந்துவிட்டால் எத்தனை வாரத்துக்குள் மாற்றித் தருவார்கள். பதினைந்து நிமிடப் பேச்சிலும் நான் தவறுவது உண்டு, குறிப்பாகக் கூச்சத்தில் நாவு கட்டிக்கொள்கிறவர்களிடம். ஆகையால் முதல் இரண்டு வகுப்புகள் முடிந்ததும் எல்லோருடைய மதிப்பெண்ணையும் மறுபடி பார்த்து, வேண்டியவரை வேறு குழுவுக்கு மாற்றுகிறேன்.