இரண்டு நாளில் ஒரு பள்ளிக்கு எப்படி மார்க் போடுகிறார்கள்?

லண்டனில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மகள் படிக்கிற பள்ளிக்கு, பள்ளிகளை ஆய்வு செய்கிற ஆஃப்ஸ்டெட்காரர்கள் வந்தார்கள், இரண்டே நாள் இருந்தார்கள், 'நன்று' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். நானூறு பிள்ளைகள் படிக்கிற இடத்தை இரண்டு நாளில் எப்படி அளக்க முடியும்?"

நியாயமான சந்தேகம். நம்மில் பலருக்கும் இருக்கும், ஏனென்றால் நாம் பார்த்த இன்ஸ்பெக்‌ஷன் அப்படி. எங்கள் பள்ளியில் அதிகாரி வருவதற்கு முந்தின நாளே ஒரு ஏற்பாடு நடக்கும். கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. அதிகாரிக்கு வகுப்பே கை தூக்கிய மாதிரி தெரியும், வாத்தியார் வலது கைக்காரனை மட்டும் எழுப்புவார். நான் இடது கைக் கட்சி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஏமாற்று ஏன் பலித்தது? அதிகாரி ஒரே ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனார், அதனால்தான். ஆஃப்ஸ்டெட் முறையின் சுவாரசியமே அங்கே இருக்கிறது. 1992-ல் சட்டம் போட்டு உருவாக்கிய இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பு அது. ஆரம்பத்தில் அவர்களும் வகுப்பில் உட்கார்ந்து பாடத்துக்கு மார்க் போட்டவர்கள்தான். 2014-ல் தனித்தனி வகுப்புக்கு மார்க் போடுவதை விட்டுவிட்டார்கள். ஒருவர் ஒரு வகுப்பை ஒரு தடவை பார்த்து ஆசிரியரை எடை போட்டால், அந்த எடையை நம்ப முடியாது. அமெரிக்காவில் கேட்ஸ் அறக்கட்டளை சுமார் 3,000 ஆசிரியர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்விலும் இதுதான் தெரிந்தது: பார்க்கும் ஆட்களும் பார்க்கும் வகுப்புகளும் கூடினால்தான் மதிப்பீடு நிலையாகிறது.

சரி, அப்படியானால் வகுப்பறைக்குள் போவது எதற்கு? 2019-ல் வந்த ஆய்வுச் சட்டகத்தில் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். வருவதற்கு முந்தின நாள் தலைமை ஆசிரியரோடு நீளமாகப் போனில் பேசி, சில பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஆழமாக இறங்குவார்கள். முதலில் அந்தப் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் எந்த வகுப்பில் எதை, ஏன் அந்த வரிசையில் சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்பார்கள். பிறகு நாலு முதல் ஆறு வகுப்புகளுக்குப் போவார்கள். அந்த வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளையே, ஒரு வகுப்புக்குக் குறைந்தது ஆறு, வாங்கிப் புரட்டுவார்கள். கடைசியில் அந்த வகுப்புகளின் ஆசிரியர்களிடமும் அதே பிள்ளைகளிடமும் பேசுவார்கள். இதில் "அதே" என்பதுதான் முக்கியம். நோட்டு ஒரு பிள்ளையுடையது, பேட்டி இன்னொரு பிள்ளையுடையது என்று இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது.

ஒரு கற்பனை உதாரணத்தோடு நடந்து பார்ப்போம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு, பின்னங்கள். பொறுப்பாசிரியர், "நாலாம் வகுப்பில் சம பின்னங்கள், ஐந்தில் 1/3 + 1/6 போன்ற கூட்டல்" என்கிறார். திட்டம் அழகாக இருக்கிறது. வகுப்புக்குப் போனால் பாடம் விறுவிறுப்பு, பதில்கள் சரி. நோட்டைத் திறந்தால் பதினைந்து கணக்குக்கும் டிக். இதோடு கிளம்பியிருந்தால் நம்ம ஊர் வலது கைக் கதைதான். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பதினைந்தும் ஒரே அச்சு, பொதுப் பகுதி ஏற்கெனவே போட்டுக் கொடுத்த கட்டங்களை நிரப்பியிருக்கிறார்கள். பிள்ளையைக் கூப்பிட்டு "1/3 பெரிசா, 1/6 பெரிசா?" என்று கேட்டால், கொஞ்சமும் தயங்காமல் "1/6, ஏன்னா ஆறு பெரிசு" என்கிறாள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இப்போது நோட்டும் பிள்ளையும் முரண்படுகிறார்கள், முரண்பாடுதான் தடயம். ஆய்வாளர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரைக் குற்றம் சொல்லிவிட்டு நகரக் கூடாது, பின்னோக்கி நடக்க வேண்டும். ஆசிரியரைக் கேட்டால், போன வருடம் பாதியில் ஆள் மாறியதில் சம பின்னம் பாடம் நடக்கவேயில்லை என்று தெரிகிறது. அடுத்து, பக்கத்துப் பிரிவிலும் இதே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே இல்லையென்றால் அது ஒரு வகுப்பின் விபத்து. அங்கேயும் இருந்து, பொறுப்பாசிரியருக்கு அது தெரியவும் தெரியாது என்றால் சிக்கல் பள்ளியின் நிர்வாகத்தில். அளப்பது இதைத்தான், ஒரு ஆசிரியரின் திறமையை அல்ல. பள்ளி சொந்தமாகத் தயாரித்து வைத்திருக்கும் மதிப்பெண் அட்டவணைகளை அந்தச் சட்டகத்தில் ஆய்வாளர்கள் பார்க்கவே மாட்டார்கள் என்பதும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. நம்ம ஊரில் ரெஜிஸ்டர் சரியாக இருந்தாலே பள்ளி சரியாக இருக்கிறது என்று நம்புகிற ஒரு மூடநம்பிக்கை உண்டு, அப்படி நம்புகிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

பதிவேடுகளே வேண்டாம் என்பதல்ல. பிள்ளைகளின் பாதுகாப்பு விஷயத்தில், ஊழியர் ஒவ்வொருவரின் பின்னணியும் சரிபார்க்கப்பட்டதா என்ற பதிவேடு கட்டாயம். அங்கேயும் அதே தந்திரம்தான்: காகிதத்தைப் பார்த்துவிட்டு, சமையலறையில் வேலை செய்பவரிடம் போய் "ஒரு பிள்ளையைப் பற்றிக் கவலை வந்தால் யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்பது.

பேச்சு, வகுப்பு, நோட்டு என்று மூன்று ஜன்னல் வழியாகப் பார்ப்பதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மூன்றின் பிழைகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். பொறுப்பாசிரியர் முதலிலேயே அருமையாகப் பேசி மனதில் பதிந்துவிட்டால், அப்புறம் வகுப்பிலும் நோட்டிலும் ஆய்வாளர் கண்ணுக்கு அதுவே தெரியும். மூன்று சாட்சி போலத் தோன்றும், உண்மையில் ஒரே சாட்சி மூன்று தடவை பேசியிருக்கும்.

ஆஃப்ஸ்டெட் தன்னையே சோதித்தும் பார்த்தது, அதைப் பாராட்ட வேண்டும். 2017-ல் வெளியான ஆய்வில், 24 தொடக்கப் பள்ளிகளில் இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியாக முடிவெடுத்தார்கள், 22-ல் முடிவு ஒத்துப்போனது. 92 சதவீதம்! ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அவை ஏற்கெனவே "நன்று" வாங்கிய பள்ளிகளில் நடந்த குறுகிய ஆய்வுகள். இரண்டு பேர் பள்ளியைப் பார்க்காமலே, ஆளுக்கு நூற்றுக்கு 85 தடவை "நன்று" என்று சீட்டுக் குலுக்கிப் போட்டால்கூட, 0.85 × 0.85 + 0.15 × 0.15, கிட்டத்தட்ட 75 சதவீதம் ஒத்துப்போய்விடும், அதாவது 24-ல் 18. ஆக 22 நல்ல எண்தான், ஆனால் கேட்கிற அளவுக்குப் பெரிசில்லை. இந்தச் சோதனையை நூற்றுக்கணக்கான பள்ளிகளில், நடுத்தரமும் மோசமும் கலந்து செய்தால்தான் தெளிவு வரும்.

இத்தனை நுணுக்கமாகத் திரட்டியதை ஒரே சொல்லில் அடைத்ததுதான் பெரிய கோளாறு. பாதுகாப்பில் தவறினால், பாடம் நன்றாக நடந்தாலும் மொத்தப் பள்ளிக்கும் "போதாது" என்று முத்திரை விழுந்துவிடும். 2023 ஜனவரியில், அப்படியொரு முடிவு வரப்போவதை அறிந்திருந்த ஒரு தலைமை ஆசிரியர் உயிரை மாய்த்துக்கொண்டார், ஆய்வும் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. 2024 செப்டம்பரில் அந்த ஒற்றைச் சொல் போனது. 2025 நவம்பரிலிருந்து துறைவாரியாக ஐந்து படிகள் கொண்ட அறிக்கை அட்டை வந்திருக்கிறது, பாடங்களில் ஆழமாக இறங்கும் அந்தப் பழைய வழக்கத்தையும் அதோடு கைவிட்டுவிட்டார்கள். முன்னதுக்குச் சந்தோஷம், பின்னது எனக்கு வருத்தம்தான்.

கேட்ட நண்பருக்கு: மகள் பள்ளியின் அறிக்கையில் அந்த "நன்று" இருக்கும் வரியைத் தாண்டி உள்ளே போய், எந்தெந்தப் பாடங்களைப் பார்த்தார்கள் என்பதைத் தேடிப் படியுங்கள். கணக்கைப் பார்க்கவில்லை என்றால், இன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் நீங்களே கேட்டுவிடலாம், 1/3 பெரிசா 1/6 பெரிசா என்று.