அறிக்கையில் கோடு போட்டால் தீர்மானம் இரத்தாகாது

வெள்ளவத்தையில் ஒரு பழைய மாணவர் சங்கம். மார்ச் 16 ஆம் திகதி வருடாந்தப் பொதுக்கூட்டத்தில், புலமைப்பரிசில் நிதியின் நிலையான வைப்பிலுள்ள 30 இலட்சம் ரூபாயை ஜூலையில் அது முதிரும்போது எடுத்து, பாடசாலை மண்டபத்தின் கூரை வேலைக்குக் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். வைப்பின் வட்டியில் படிக்கிற பிள்ளைகளுக்கு இனி என்ன வழி என்ற கேள்வி பிறகுதான் பலருக்கு உறைத்தது. மே மாதம் வேறொரு விஷயத்துக்காகப் பொதுச்சபை கூடியபோது, கடந்த கூட்ட அறிக்கையை உறுதிப்படுத்தும் கட்டத்தில் ஒருவர் எழுந்து, "அந்த வைப்புத் தீர்மானத்தை வெட்டிவிடுங்கோ" என்றார். நாலாபக்கமும் "சரி, சரி" என்று குரல் வந்தது. செயலாளர் பேனையை எடுத்து அந்தப் பந்தியின் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் கையொப்பமும் வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அந்தச் செயலாளர் அறிக்கைப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். கம்பனிச் செயலாளராக வேலை செய்பவன் என்பதால் சங்கங்களின் புத்தகங்களும் இப்படி என் மேசைக்கு வரும். கூரை வேலைக்கு ஆதரவாக இருந்தவர்கள் கோடு செல்லாது என்று கடிதம் எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னது சரி.

அறிக்கையை உறுதிப்படுத்துவது என்றால், அன்று நடந்தது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே. தொகை பிழையாக இருந்தால் திருத்தலாம், முன்மொழிந்தவரின் பெயர் மாறியிருந்தால் திருத்தலாம். நடந்த தீர்மானத்தை நடக்காததாக்க அந்த இடத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை. நிர்வாகக் குழுவுக்கும் இல்லை. பொதுச்சபை எடுத்த முடிவைப் பொதுச்சபைதான் மாற்றலாம். அதற்கும் தனியாக ஒரு பிரேரணை வேண்டும், அந்தப் பிரேரணைக்கு முன்னறிவித்தல் வேண்டும்.

மீள்பரிசீலனையையும் இரத்தையும் பலர் ஒன்றாகப் பேசுகிறார்கள். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ராபர்ட்டின் ஒழுங்கு விதிகளில், வென்ற பக்கத்துக்கு வாக்களித்த ஒருவர் அதே அமர்வுக்குள் "அந்த வாக்கெடுப்பை மீண்டும் எடுப்போம்" என்று கேட்கலாம். அதுதான் மீள்பரிசீலனை. மார்ச் 16 அன்றே யாராவது கேட்டிருந்தால் அது ஒரு வழியாக இருந்திருக்கும், சங்கத்தின் யாப்பு இடம் கொடுத்தால். கூட்டம் கலைந்த பிறகு இரத்துப் பிரேரணை ஒன்றே வழி.

எவ்வளவு முன்னறிவித்தல், எவ்வளவு பெரும்பான்மை என்பதை முதலில் உங்கள் யாப்பில்தான் தேட வேண்டும். இந்தச் சங்கத்தின் யாப்பில் தெளிவாக இருந்தது: ஆறு மாதத்துக்குள் ஒரு தீர்மானத்தை இரத்துச் செய்வதானால், பிரேரணையின் வாசகத்தோடு 14 முழு நாட்கள் எழுத்து மூல அறிவித்தல், வருகை தந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்த சங்கங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி விசேட தீர்மானத்துக்கு, வாக்களிக்க உரித்துடையவர்களாக இருந்து வாக்களிப்பவர்களின் வாக்குகளில் 75 வீதம் தேவை. அப்படிச் செய்த அமைப்பு விதித் திருத்தம் ஒன்றைச் சாதாரண பெரும்பான்மையால் திரும்ப மாற்ற முடியாது.

ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, அறிவித்தல் அனுப்பி 15 ஆம் திகதி ஞாயிறு கூடலாம் என்று செயலாளர் நினைத்திருந்தார். இரண்டு வாரம், 14 நாள் என்பது அவர் கணக்கு. முழு நாட்கள் என்றால் அனுப்பிய நாளையும் கூட்ட நாளையும் சேர்க்கக்கூடாது. 2 ஆம் திகதி முதல் 14 ஆம் திகதி வரை எண்ணினால் 13 நாள்தான். ஒரு நாள் குறைந்ததால் முழுத் தீர்மானமும் கேள்விக்குள்ளாகும். அதுவும் எதிர்த்தரப்பு ஏற்கனவே கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது. கூட்டத்தை 22 ஆம் திகதிக்குத் தள்ளினோம்.

அறிவித்தலில் "கடந்த தீர்மானம் ஒன்று பற்றி ஆராய்தல்" என்று எழுதியிருந்தார்கள். அதைப் படிக்கும் உறுப்பினருக்கு எது போகப்போகிறது என்று தெரியாது, வருவதா விடுவதா என்றும் முடிவெடுக்க இயலாது. இப்படி மாற்றினோம்:

"2025 மார்ச் 16 வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் 7 ஆம் தீர்மானம் (புலமைப்பரிசில் நிதியின் நிலையான வைப்பு 30 இலட்சம் ரூபாயை மண்டபக் கூரை வேலைக்கு வழங்கல்) இன்று முதல் இரத்துச் செய்யப்படுகிறது, அத்தீர்மானத்தின் கீழ் இதற்கு முன் செய்யப்பட்ட கொடுப்பனவுகள் இதனால் பாதிக்கப்படா."

கடைசி வரி ஏன் தேவைப்பட்டது என்றால், ஒப்பந்தக்காரருக்கு ஏப்ரலிலேயே 3 இலட்சம் முற்பணம் நடைமுறைக் கணக்கிலிருந்து போயிருந்தது. இரத்துச் செய்வது இனி நடக்கப்போவதற்கு மட்டும்தான் வேலை செய்யும். கொடுத்த காசு அதனால் திரும்பி வராது, ஒப்பந்தக்காரரோடு போட்ட உடன்பாடும் கரையாது. அவரோடு தனியாகப் பேச வேண்டும், அதற்கென வேறொரு தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தோம்.

22 ஆம் திகதி 63 பேர் வந்திருந்தார்கள். ஆதரவு 39, எதிர் 18, ஆறு பேர் நடுநிலை. முடிவைக் கேட்டதும் ஒருவர் எழுந்து, 63 இல் மூன்றில் இரண்டு 42 ஆயிற்றே, 39 போதாதே என்றார். நியாயமான கேள்விதான். "வருகை தந்தோரில்" என்று மட்டும் யாப்பில் இருந்திருந்தால் பிரேரணை தோற்றிருக்கும். "வருகை தந்து வாக்களிப்போரில்" என்று இருந்ததால் நடுநிலை வகித்த ஆறு பேரும் கணக்கில் வரமாட்டார்கள். வாக்களித்தவர்கள் 57, அதில் மூன்றில் இரண்டு 38. ஒரு வாக்கு மேலதிகமாக நிறைவேறியது. தலைவர் யாப்பின் அந்த வரியைச் சபைக்கு வாசித்துக் காட்டிய பிறகே முடிவை அறிவித்தார். அவர் அப்படிச் செய்தது எனக்குப் பெரிய ஆறுதல். வாசிக்காமல் போயிருந்தால் அன்றே இன்னொரு கடிதம் தயாராகியிருக்கும்.

இவ்வளவும் அறிக்கையில் வராவிட்டால் நடந்ததற்குச் சான்று இல்லை. "ஏகமனதாக", "பெரும்பான்மையால்" என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது நம் சங்கங்களில் பழகிப்போன வழக்கம். இரத்துப் பிரேரணைக்கு அது போதவே போதாது. நாங்கள் எழுதியது இது:

"ஜூன் 1 ஆம் திகதி எல்லா உறுப்பினர்களுக்கும் பிரேரணையின் வாசகத்துடன் எழுத்து மூல அறிவித்தல் அனுப்பப்பட்டதைச் செயலாளர் சபைக்கு அறிவித்தார். யாப்பின்படி தேவையான 14 முழு நாட்கள் நிறைவடைந்திருப்பதைத் தலைவர் உறுதிப்படுத்தினார். பிரேரணை முன்மொழியப்பட்டு வழிமொழியப்பட்டது. வருகை 63, ஆதரவு 39, எதிர் 18, நடுநிலை 6. தேவையான வாக்குகள் 57 இல் 38. பிரேரணை நிறைவேறியதாகத் தலைவர் அறிவித்தார்."

பிரேரணையின் முழு வாசகம் இதற்கு மேலேயும், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் உரிய இடத்திலும் வந்தன.

வங்கியை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். மார்ச் தீர்மானத்தின் சான்றுப்படுத்திய பிரதியைப் பொருளாளர் ஏப்ரலிலேயே வைப்பு முதிர்வு அறிவுறுத்தலோடு வங்கியில் கொடுத்திருந்தார். வங்கியைப் பொறுத்தவரை அந்த அறிவுறுத்தல் இன்னும் உயிரோடுதான் இருந்தது. ஜூன் 23 காலை தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்ட புதிய பிரதியும், முந்திய அறிவுறுத்தலை மீளப்பெறும் கடிதமும் போயின. கடிதத்தின் நகலில் வங்கியின் முத்திரையும் திகதியும் வாங்கிக் கோவையில் வைக்கச் சொன்னேன்.

மே மாதம் போட்ட அந்தக் கோடு? அதை அழிக்கவில்லை. 22 ஆம் திகதிக் கூட்டத்தில், அது சபையின் அதிகாரமின்றிப் போடப்பட்டது, 7 ஆம் தீர்மானம் நிறைவேறியபடியே வாசிக்கப்பட வேண்டும் என்று முதலில் பதிவு செய்தோம், அப்புறம்தான் இரத்துப் பிரேரணைக்கு வந்தோம். மார்ச் பக்கத்தின் ஓரத்தில் இப்போது சிறியதாக ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது: "2025 ஜூன் 22, தீர்மானம் 3 ஆல் இரத்து", கீழே செயலாளரின் ஒப்பம், திகதி.