கம்பை நிறுத்த நான்கு எண் போதுமா, 4,610 எண் வேண்டுமா?

உள்ளங்கையில் நீளமான குச்சி ஒன்றை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமே கையும் ஓட வேண்டும். கைக்குப் பதிலாகத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு சின்ன வண்டி, அதன் மேல் கீல் வைத்துப் பொருத்திய ஒரு கம்பு என்று மாற்றிக்கொண்டால், கட்டுப்பாட்டியல் படிக்கும் எல்லோரும் ஒரு கட்டத்தில் போட்டுப் பார்க்கும் கணக்கு வந்துவிடும். வண்டியை இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளலாம். கம்பைத் தொடக்கூடாது.

இந்தக் கணக்கைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இயற்பியல் சமன்பாட்டை எழுதி, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுவது என்று முடிவு செய்யும் கண்ட்ரோலரை அதிலிருந்து கணக்கிடும் பழைய வழி. இன்னொன்று வலுவூட்டல் கற்றல், அதாவது ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங். அதில் சமன்பாடு எதுவும் கொடுக்காமல், விழுந்து விழுந்து எழுந்து கணினியே கற்றுக்கொள்ள விடுகிறோம். இரண்டுமே கம்பை நிறுத்தும். ஆனால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றி நம்மால் என்ன சொல்ல முடியும் என்பதில் இரண்டுக்கும் நிறைய தூரம் இருக்கிறது. தொழிற்சாலைக்காரர்களுக்கு முக்கியமானது அதுதான்.

எண்களோடு பேசுவதற்காக ஜிம்னேசியம் என்ற பைதான் நூலகத்தில் இருக்கும் `CartPole-v1` சிமுலேட்டரை எடுத்துக்கொள்வோம். வண்டி 1 கிலோ, கம்பு 100 கிராம், கம்பின் நீளம் 1 மீட்டர். 0.02 வினாடிக்கு ஒரு தடவை, 10 நியூட்டன் விசையில் இடமா வலமா என்று முடிவு செய்ய வேண்டும். கம்பு 12 டிகிரிக்கு மேல் சாய்ந்தாலோ, வண்டி நடுவிலிருந்து 2.4 மீட்டரைத் தாண்டினாலோ ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு முடிவும் ஓர் அடி; 500 அடிகள், அதாவது 10 வினாடி, தாக்குப்பிடித்தால் முழு மதிப்பெண்.

முதலில் பழைய வழி. சாய்வு சிறிதாக இருக்கும்வரை கம்பின் இயக்கத்தை இந்த ஒரே வரியில் எழுதிவிடலாம்:

```
θ'' = 15.8·θ − 1.46·F
```

θ என்பது ரேடியனில் சாய்வு, F என்பது வண்டியை வலப்பக்கம் தள்ளும் விசை. முதல் உறுப்புதான் ஆபத்தானது. சாய்வு கூடக் கூட, சாயும் வேகமும் தானாகக் கூடும். யாரும் எதுவும் செய்யாவிட்டால், 1 டிகிரி சாய்ந்து நிற்கும் கம்பு சுமார் 0.8 வினாடியில் 12 டிகிரியைத் தொட்டுவிடும். நம் கையில் இருக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

அளக்கக்கூடியவை நான்கு: வண்டியின் இடம் x, அதன் வேகம் v, கம்பின் சாய்வு θ, சாயும் வேகம் ω. ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் விசை கிடைத்துவிடும். கம்பு ஒரு வினாடிக்குள் நிமிர வேண்டும், வண்டி ஐந்தாறு வினாடியில் நிதானமாக நடுவுக்கு வந்தால் போதும் என்று முடிவு செய்துகொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட இந்த எண்கள் வருகின்றன:

```
F = 1·x + 2·v + 30·θ + 8·ω
```

இந்தச் சிமுலேட்டர் 10 நியூட்டனுக்குக் குறைவாகத் தள்ளாது. அதனால் F நேர்க்குறியா எதிர்க்குறியா என்று மட்டும் பார்த்தால் போதும்:

```python
import gymnasium as gym
env = gym.make("CartPole-v1")
s, _ = env.reset()
total, done = 0, False
while not done:
    x, v, th, w = s
    u = 1*x + 2*v + 30*th + 8*w
    s, r, term, trunc, _ = env.step(int(u > 0))
    total += r
    done = term or trunc
print(total)
```

பயிற்சி என்று எதுவும் இல்லை. முதல் ஓட்டத்திலேயே 500 வந்துவிடும்.

அந்த நான்கு எண்களிலும் ஒரு விஷயம் விசித்திரமாகத் தெரியும். எல்லாமே நேர்க்குறி. வண்டி நடுவிலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம் நிற்கிறது, கம்பு நேராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியை இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். ஆனால் சூத்திரம் +0.5 நியூட்டன் என்கிறது, அதாவது இன்னும் வலப்பக்கம் தள்ளச் சொல்கிறது. பிழை இல்லை. வண்டி வலப்பக்கம் நகர்ந்தால் கம்பு இடப்பக்கம் சாயும். சாய்வு 0.05 ரேடியன், கிட்டத்தட்ட 3 டிகிரி, ஆனதும் 30·θ என்ற உறுப்பு −1.5 நியூட்டனாகி மற்றதை அமுக்கிவிடும். அப்புறம் வண்டி, சாயும் கம்பைத் துரத்திக்கொண்டு இடப்பக்கம் ஓடும். இடப்பக்கம் போக முதலில் வலப்பக்கம் போவதைத் தவிர வேறு வழியே கிடையாது. எந்தக் கண்ட்ரோலராக இருந்தாலும், கற்றுக்கொண்டதாக இருந்தாலும், இதைச் செய்தே ஆக வேண்டும்.

சமன்பாடு கையில் இருப்பதால் இன்னொரு கேள்விக்கும் வண்டியை ஓட்டாமலே பதில் சொல்லலாம். சென்சார் அளந்து, கணினி யோசித்து, மோட்டார் தள்ளுவதற்குள் எவ்வளவு தாமதம் தாங்கும்? விசையைத் தொடர்ச்சியாகக் கூட்டிக் குறைக்க முடிகிற நிஜ மோட்டாரில், மேலே உள்ள எண்களுக்குச் சுமார் 0.12 வினாடி. அந்த எல்லையை நெருங்கும்போது வண்டி வினாடிக்கு ஒன்றரைத் தடவை என்ற கணக்கில் ஆட ஆரம்பிக்கும், ஆட்டம் அடங்காது. அப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்தால் தாமதத்தைச் சந்தேகிக்கலாம். அதைவிட மெதுவாக, சில சென்டிமீட்டர் தூரத்துக்கு வண்டி முன்னும் பின்னும் போய்வந்தால் தண்டவாள உராய்வைப் பார்க்க வேண்டும். பொறியாளருக்கு இது பெரிய சொத்து. கோளாறு வந்தால் எங்கே கை வைப்பது என்று தெரிகிறது.

சரி, இப்போது மற்ற வழி. இதற்கும் நீண்ட வரலாறு உண்டு. பார்ட்டோ, சட்டன், ஆண்டர்சன் மூவரும் 1983-இல் இதே வண்டிக் கணக்கை எடுத்து, நான்கு அளவுகளையும் 162 பெட்டிகளாகப் பிரித்து, விழுந்தால் மட்டும் தண்டனை என்ற ஒரே செய்தியை வைத்துக் கணினியைக் கற்க வைத்தார்கள். இன்று பெட்டிகள் இருந்த இடத்தில் நியூரல் நெட்வொர்க் இருக்கிறது. நான்கு அளவுகள் உள்ளே போய், தலா 64 முனைகள் கொண்ட இரண்டு அடுக்குகளைத் தாண்டி, இடமா வலமா என்று வெளியே வரும். சாதாரணமாகப் பயன்படும் இந்த அமைப்பில் மாற்றிச் சரிசெய்ய வேண்டிய எண்கள் 4,610.

விழாமல் இருக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு புள்ளி. ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவதால் இருபது அடி சுமாருக்குள், அதாவது அரை வினாடிக்குள், விழுந்துவிடும். எந்தத் தள்ளலுக்குப் பிறகு அதிகப் புள்ளி வந்ததோ, அதன் நிகழ்தகவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், பல்லாயிரம் அடிகள் கழிந்து, ஒரு லட்சத்துக்குள், பெரும்பாலும் 500-ஐத் தொட்டுவிடும். சிமுலேட்டரில் இது சில நிமிட வேலை. நிஜ வண்டியில் ஒரு லட்சம் அடி என்பது 33 நிமிட ஓட்டம்தான், ஆனால் நடுவே நூற்றுக்கணக்கான தடவை கம்பு விழும், ஒவ்வொரு தடவையும் யாராவது நிமிர்த்த வேண்டும், கீல் தேயும். கம்புக்குப் பதில் கொதிகலன் என்றால் ஒரு தடவை விழுவதற்குக்கூட அனுமதி இல்லை.

500 மதிப்பெண் வாங்கிய நெட்வொர்க்கை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. 500 அடி என்ற உச்சவரம்பை 5,000 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். பல நெட்வொர்க்குகளில் கம்பு கச்சிதமாக நிற்கும், ஆனால் வண்டி மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துபோய் 2.4 மீட்டரைத் தாண்டிவிடும். பத்து வினாடிக்குப் பிறகு நடப்பதைப் பற்றி அதற்கு யாரும் புள்ளி தரவில்லை, அதனால் அது கவலைப்படவும் இல்லை. நாம் மனதில் நினைத்தது ‘நடுவில் நில்’, எழுதிக் கொடுத்தது ‘பத்து வினாடி விழாதே’. நடுவிலிருந்து விலகும் தூரத்துக்குப் புள்ளியைக் குறைத்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். என் கணிப்பில், வலுவூட்டல் கற்றலைத் தொழிலில் பயன்படுத்துகிறவர்களின் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பது கற்றல் இல்லை, இப்படிப் புள்ளித் திட்டத்தைத் திருத்தித் திருத்தி எழுதுவதுதான்.

தாமதம் எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கும் 4,610 எண்களைப் பார்த்து எளிதில் பதில் சொல்ல முடியாது. விதவிதமான தாமதங்களைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டிப் பார்த்தவற்றுக்கு மட்டுமே பதில் கிடைக்கும்.

அப்படியானால் கற்றல் எதற்கு? சமன்பாடு எழுத முடியாத இடத்துக்கு. கம்பு தலைகீழாகத் தொங்கும் நிலையிலிருந்து தொடங்கினாலே மேலே எழுதிய எளிய வரி செல்லாது. வண்டியை ஆட்டி ஆட்டிக் கம்புக்கு ஆற்றல் ஏற்றித் தூக்க வேண்டும். கற்றல் முறை தூக்குவது, நிறுத்துவது இரண்டையும் ஒரே மூச்சில் கற்றுக்கொள்ளும். டைசன்ராத்தும் ராஸ்முசனும் 2011-இல் வெளியிட்ட பில்கோ என்ற முறை, நிஜ வண்டியின் இயக்க விதியை முதலில் தரவிலிருந்து ஊகித்து, பிறகு அந்த ஊகத்துக்குள்ளேயே பயிற்சி செய்து, 20 வினாடிக்கும் குறைவான நிஜ ஓட்டத்தில் இதைச் சாதித்தது. சமன்பாட்டை நாம் கொடுக்கலாம், இல்லை தரவிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளலாம். இயக்கம் பற்றிய அறிவு எங்கிருந்தாவது வந்துவிட்டால் விழும் தடவைகள் குறைகின்றன.

தொழிற்சாலையில் இதற்கு நல்ல உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் ஒரு வேதியியல் ஆலையின் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தை, யோகோகாவா நிறுவனமும் நாரா அறிவியல் தொழில்நுட்பக் கல்விக்கழகமும் உருவாக்கிய வலுவூட்டல் கற்றல் முறை 35 நாள் தொடர்ந்து இயக்கியது. அங்கே அந்த வால்வுகளை அதுவரை பிஐடி என்ற வழக்கமான தொழிற்சாலைக் கண்ட்ரோலரால் கவனிக்க முடியாமல், ஆபரேட்டர்கள் கையால் திருகிக்கொண்டிருந்தார்கள். நான்கு எண் சூத்திரம் போன்ற ஒன்று ஏற்கெனவே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நாற்காலியில் கற்றல் முறை உட்காரவில்லை. கோபுரத்தில் மாற்றங்கள் மெதுவாக நடக்கும், தவறு நடந்தால் ஆபரேட்டர் தலையிட நேரம் உண்டு. நம் கம்பில் அந்த அவகாசம் 0.8 வினாடி.

அதனால் கணத்துக்குக் கணம் அளந்து தள்ளும் வேகமான, சமன்பாடு தெரிந்த உள்சுற்றுக்கு நான் சூத்திரத்தையே வைப்பேன். தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி என்ற சாதாரணக் கணினியில் நான்கு பெருக்கல், மூன்று கூட்டல், வேலை முடிந்தது. கற்றல் வேண்டுமென்றால் அதற்கு மேலே வைக்கலாம்: உராய்வு போன்று சூத்திரம் கவனிக்காததை ஈடுகட்ட, சூத்திரம் தரும் விசையோடு நெட்வொர்க் ஒரு சிறு திருத்தத்தைக் கூட்டட்டும். அந்தத் திருத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு, நம் வண்டியில் 1 நியூட்டன் என்று வையுங்கள். சாய்வு 6 டிகிரியைத் தாண்டினால் திருத்தம் பூஜ்யம் ஆகி, சூத்திரம் மட்டும் வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும். 6 டிகிரியில் சூத்திரத்தின் சாய்வு உறுப்பு மட்டுமே 3 நியூட்டனுக்கு மேல் தள்ளும், கம்பை அங்கேயே தாங்கிப் பிடிக்க 1.1 நியூட்டன் சுமார் போதும். நெட்வொர்க் என்ன சொன்னாலும் கம்பை மீட்கும் விசை கையில் மிச்சமிருக்கிறதா என்பதை, வண்டியை ஓட்டும் முன்பே தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.