பெர்மாங்கனேட் தரம் பார்த்தல்: செய்முறைத் தேர்வுத் தாளில் விடுபடுபவை

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு மாணவர்கள் எழுதிவரும் தயாரிப்புத் தாள்களில் படிகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அந்தந்தப் படியில் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும், அளவீடு எவ்வளவு வர வேண்டும் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொண்டு ஃபெரஸ் சல்பேட்டைக் கணக்கிடும் சோதனையில் இந்தக் குறை உடனே வெளிப்பட்டுவிடும்.

பியூரெட்டைப் பெர்மாங்கனேட்டாலும், பிப்பெட்டை அதில் எடுக்கப்போகும் கரைசலாலும் கழுவ வேண்டும். கூம்புக் குடுவையை மட்டும் தண்ணீரால் கழுவ வேண்டும். பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி தங்கியிருந்து நடுவில் வெளியேறினால் அளவீடு கூடும். பெர்மாங்கனேட் கருஞ்சிவப்பாக இருப்பதால் கீழ்வளைவு தெரியாது; எனவே மேல்மட்டத்தையே தொடக்கத்திலும் முடிவிலும் படிக்க வேண்டும்.

குடுவையில் 20 மி.லி. ஃபெரஸ் கரைசலுடன் ஏறக்குறைய அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கிறோம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட் தானே ஆக்சிஜனேற்றம் செய்துவிடும் என்பதால் அது இங்கே உதவாது. அமிலம் போதாமல் போனால் குடுவையில் பழுப்பு நிறக் கலங்கல் தோன்றும். அது மாங்கனீசு டையாக்சைடு. அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும். ஆக்சாலிக் அமிலச் சோதனையை மனத்தில் வைத்துக்கொண்டு இதையும் சூடாக்குபவர்கள் உண்டு. இங்கே சூடாக்கத் தேவையில்லை; சூடாக்கினால் ஃபெரஸ் அயனி காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கும். வெளிர் இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் நிலைத்தால் அதுவே முடிவுநிலை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, பிப்பெட்டை வாயால் உறிஞ்சாமல் ரப்பர் குமிழைப் பயன்படுத்த வேண்டும். பியூரெட்டை நிரப்பும்போது அதன் வாய் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி தாங்கியை இறக்கிக்கொள்ள வேண்டும்.

எதிர்பார்க்கும் அளவீட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 0.1 நார்மல் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் 20 மி.லி.க்குப் பெர்மாங்கனேட் 19.6 மி.லி. செலவானால் அதன் திறன் 0.102 நார்மல். கொடுக்கப்பட்ட ஃபெரஸ் சல்பேட் 20 மி.லி.க்கு 21.2 மி.லி. செலவானால் அதன் திறன் 0.1081 நார்மல், சமான எடை 278 என்பதால் 500 மி.லி.யில் சுமார் 15.03 கிராம் இருக்கிறது. பெர்மாங்கனேட் எல்லாருக்கும் பொதுவான பாட்டிலிலிருந்தே வந்தால், முதல் அளவீடு அனைவருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும்; இரண்டாவது அளவீடு மாணவருக்கு மாணவர் மாறலாம். தேர்வாளர் இதை அறிவார் என்பதால், பக்கத்து மேசையைப் பார்த்து எழுதியது இரண்டாவதில்தான் பிடிபடும்.

மாதிரித் தேர்வொன்றில் எங்கள் மாணவர் ஒருவருக்கு முதல் கரைசலுக்கே 20.3, பிறகு 20.0 என்று வந்தது. அளவு கூடவும் செய்கிறது, ஒத்தும் வரவில்லை என்றால், குடுவையில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் ஏதோ மிஞ்சுகிறது என்று பொருள். விசாரித்தபோது, அவர் குடுவையையும் ஃபெரஸ் கரைசலால் கழுவியிருந்தது தெரிந்தது. தண்ணீரால் கழுவிச் செய்ததும் 19.6, 19.6 என வந்தது. பழைய அளவுகளை அழிக்காமல் ஒற்றைக் கோடிட்டு, அருகில் காரணத்தையும் எழுதச் சொன்னேன்.