பாறுகளைத் திறந்துவிடும் திட்டத்தில் விடுபட்டுப்போகும் கணக்கு

வெண்முதுகுப் பாறுகள் என்னும் பிணந்தின்னிக் கழுகுகளைக் கூண்டில் வளர்த்து வெளியில் விடும் திட்ட அறிக்கைகளில் எத்தனை பறவை, எந்த மாதம், எவ்வளவு செலவு என்பதெல்லாம் விவரமாக இருக்கும். எதை வெற்றி என்று கொள்வது, எப்போது நிறுத்துவது என்ற இடத்தில் மட்டும் ‘தொடர்ந்து கண்காணிக்கப்படும்’ என்று ஒரே வரி.

இந்தப் பறவைகளை வீழ்த்தியது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி ஊசி. ஊசி போட்ட சில நாளுக்குள் இறந்துபோன மாட்டைத் தின்றால் பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து சில நாளில் உயிர் போய்விடும். 2006இல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால் 2015இல் ஊசிக் குப்பியின் அளவும் 3 மி.லி. ஆகக் குறைக்கப்பட்டது. ஏறத்தாழ 130 முதல் 760 சடலங்களுக்கு ஒன்றில் நஞ்சு இருந்தாலே அந்தப் பெருவீழ்ச்சிக்குப் போதும் என்கிறது ஆய்வுக் கணக்கு.

ஆகவே முதல் அளவுகோல், பறவையை விடுவதற்கு முன்பே வருகிறது. 300 மாட்டுச் சடலங்களின் ஈரலைச் சோதித்து ஒன்றிலும் மருந்து இல்லை என்றால், நஞ்சின் அளவு 1 சதவீதத்துக்குக் கீழ் என்றுதான் 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அது போதாது. 760இல் ஒன்றுக்கும் கீழ் என்று சொல்ல ஏறக்குறைய 2,300 மாதிரி வேண்டும். இவ்வளவு எடுப்பது கடினம் என்பதால் மருந்துக் கடைகளில் ரகசியமாகக் கேட்டு வாங்கிப் பார்ப்பதையும், அந்தப் பகுதியின் காட்டுப் பாறுகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி பொருத்துவதையும் சேர்க்க வேண்டும். நேபாளத்தில் 2017இல் வளர்ப்புப் பறவைகளை விட்டபோது காட்டுப் பறவைகளையும் சேர்த்தே கண்காணித்தார்கள்.

கருவி பறவையின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாலரைக் கிலோ பறவைக்கு 135 கிராம். இருப்பிடம் ஒரு நாள் அசையாவிட்டால் அன்றே ஆள் போக வேண்டும். நம் வெயிலில் தாமதித்தால் சடலம் எதையும் சொல்லாது. இதயம், ஈரல் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது யூரிக் அமிலம், சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம். ஆனால் அதை மட்டும் வைத்து டைக்ளோஃபினாக் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சிறுநீரகத்தையும் ஈரலையும் உறையவைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மின்கம்பியில் சிக்கிய சாவும் இருக்கும்.

கணக்கு பிசகுவது சிக்னல் நின்ற பறவைகளில்தான். 20 விட்டு, ஓராண்டில் 12 உயிரோடு தெரிகின்றன, 3 இறந்தன, 5க்குத் தகவல் இல்லை என்று வைப்போம். அந்த ஐந்தையும் உயிருள்ளவையாகச் சேர்த்தால் 85 சதவீதம். இறந்தவையாகக் கொண்டால் 60. ‘85 சதவீதம் பிழைத்தன’ என்று செய்தி வரும். இரண்டு எண்ணையும் அச்சிடுவதே நேர்மை. காணாமல்போன ஒவ்வொன்றையும் கடைசி சிக்னல் வந்த நாள் வரை மட்டும் கணக்கில் வைத்து, அதன்பின் விலக்கிக் கணக்கிடுவது இன்னும் சரி.

சிறு தொகுதியில் இன்னொரு சிக்கல். ஹரியானாவின் பிஞ்சோரில் 2020இல் விட்டவை 8 பறவைகள். அந்த அளவுத் தொகுதியில் ஒன்றுகூட மருந்தால் சாகாவிட்டாலும், உண்மையான இறப்பு விகிதம் 31 சதவீதம் வரை இருக்கலாம். எனவே ‘மருந்துச் சாவு இல்லை’ என்பதை வெற்றி என்று எழுதாமல், ‘அடுத்த தொகுதியை விடலாம்’ என்று மட்டும் எழுதுங்கள். ஒரே ஒரு மருந்துச் சாவு உறுதியானாலும், அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் வரை அடுத்த விடுவிப்பு நிற்க வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் யார் என்பதும் அறிக்கையிலேயே இருக்கட்டும்.

ஆண்டுக்கு ஒரே முட்டை, முதல் முட்டைக்கு ஏறக்குறைய ஐந்து வயது. மூன்றாண்டு நிதியில் எழுதப்படும் திட்டம், இளம்பறவைகளை விட்டால் அவை கூடுகட்டுவதற்குள் முடிந்துபோகும். கருவிகளின் மாற்றுச் செலவையும் களப்பணியாளர் சம்பளத்தையும் ஏழு, எட்டு ஆண்டுக்காவது இப்போதே கேட்டு வாங்க வேண்டும்.