‘சரிங்க மேடம்’ என்றால் சரியா?

“என் தம்பி கவுன்சலரிடம் நாலு தடவை போனான். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுதான் சொன்னானாம். ஐந்தாவது தடவை போகவே இல்லை. ஏன்?” என்று திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கவுன்சலருக்கும் வருகிறவருக்கும் உள்ள உறவில் மூன்று விஷயங்கள் இருப்பதாக உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் எழுதினார்: எதற்காக வருகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, ஒருவர்மேல் ஒருவருக்குப் பிடிப்பு. எது ஆட்டம் கண்டாலும் விரிசல்தான். அது கோபமாக வெடிக்கலாம், இல்லையென்றால் ஆள் ஒதுங்கிப் போகலாம் என்றார்கள் ஜெரமி சஃப்ரன், கிறிஸ்டஃபர் முரன் என்ற இரண்டு உளவியலாளர்கள். கோபத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஒதுங்குவதுதான் நம் ஊரில் மரியாதை வேஷம் போட்டு வரும்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். மனச்சோர்வுக்காக வருகிறார். மனதில் ஓடுவதைத் தினமும் நோட்டில் எழுதச் சொல்கிறார் கவுன்சலர். “சரிங்க மேடம்.” அடுத்த வாரம் நோட்டு காலி. எழுதுவதால் என்ன பயன் என்று கவுன்சலர் மறுபடி விளக்க, இளைஞரின் பதில்கள் சுருங்குகின்றன. அதுவரை அப்பாவைப் பற்றிப் பேசியவர் திடீரென்று வெயிலைப் பற்றிப் பேசுகிறார். அதற்கடுத்த வாரம் இருபது நிமிடம் தாமதம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. விரிசல் விழும்போது கவுன்சலருக்குத் தோன்றுவது, தன் முறையை இன்னும் அழுத்திச் செய்வது. உளவியலாளர் லூயி காஸ்டொங்கேயின் குழு 1996இல் மனச்சோர்வு சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்தபோது இதைத்தான் கண்டது. அழுத்த அழுத்த உறவு கெட்டதே தவிர சரியாகவில்லை. முடிச்சை இழுத்து இறுக்குவது மாதிரி.

சரி, என்ன செய்வது? நோட்டை ஓரமாக வைத்துவிட்டு, இருவருக்கும் நடுவே அந்த நிமிடத்தில் நடப்பதையே பேச்சாக்க வேண்டும். “போன வாரம் நோட்டைப் பற்றி நான் சொன்னதும் நீங்கள் அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது. நான் அவசரப்படுத்திவிட்டேனோ?”

“ஒண்ணுமில்லைங்க மேடம்” என்றுதான் முதலில் வரும். துருவக் கூடாது, தோன்றும்போது சொல்லலாம் என்று விட்டுவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, “கடை அடைச்சு வீட்டுக்குப் போகவே பத்தரை ஆயிரும். அதுக்கப்புறம் வாத்தியார் மாதிரி எழுதச் சொல்றீங்க” என்று சீறலாம். அந்தச் சீற்றம் நல்ல சகுனம். (சகுனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, இது ஒன்றைத் தவிர.) அப்போது “அப்பாவிடமும் இப்படித்தானா?” என்று கவுன்சலர் கேட்டால் பழி அந்த இளைஞர் தலையிலேயே விழும். “உங்கள் நேரத்தைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், அது என் தவறு” என்று தன் பங்கை ஒப்புக்கொள்வதுதான் முதல் தையல். எழுதுவதற்குப் பதில் பஸ்ஸில் போகும்போது போனில் பேசிப் பதிவு செய்யலாமா என்று இருவரும் சேர்ந்து முடிவெடுப்பது அடுத்தது.

எல்லா மௌனமும் விரிசல் அல்ல. மனச்சோர்வே ஆளைச் சுருக்கிவிடும், சில மாத்திரைகள் மந்தமாக்கும். ஆனால் அந்த மௌனம் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தோ மாத்திரை தொடங்கியதிலிருந்தோ இருக்கும். விரிசலுக்கு ஒரு தொடக்க நிமிடம் உண்டு, பெரும்பாலும் கவுன்சலர் ஏதோ சொன்ன நிமிடம். உங்கள் தம்பியிடம் “ஏன் போகலை?” என்று கேட்காமல், கடைசியாகப் போன அன்று அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.