பைபிளைத் திறக்கும் முன் நிலக் கணக்கு: விடுதலை இறையியல் சமூகப் பகுப்பாய்வைக் கையாண்ட விதம்

பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தில் சாவ் ஃபெலிக்ஸ் தொ அரகுவாயா என்றொரு திருச்சபை ஆட்சிப் பகுதி உண்டு. 1970-களின் தொடக்கத்தில் அதன் பரப்பு சுமார் 1,50,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரியது. அதன் முதல் ஆயராகப் பொறுப்பேற்கவிருந்த பெத்ரோ கசல்தாலிகா 1971 அக்டோபர் 10 தேதியிட்டு ஒரு மேய்ப்புப்பணி மடல் வெளியிட்டார். ஆயர் மடல் என்றால் செபம், ஒழுக்கம், திருவிழா பற்றி இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இதில் இருந்தவை பெருநிலப் பண்ணைகளின் பெயர்கள், பரப்பளவு, உரிமையாளர்கள், அரசு தந்த சலுகைகள், கூலிகளின் நிலைமை, கூடவே ஆவணங்கள். சுயா-மிசூ என்ற ஒரு பண்ணை மட்டுமே கிட்டத்தட்ட 7 லட்சம் ஹெக்டேர்.

ஒரு ஆயர் ஏன் நிலக் கணக்கு எழுத வேண்டும்? இலத்தீன் அமெரிக்காவில் ஏழைகளின் விடுதலையை மையமாக வைத்து எழுந்த கிறிஸ்தவச் சிந்தனையான விடுதலை இறையியலின் முறையும், அதன் மீது வந்த முக்கியமான விமர்சனங்களும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. பெல்ஜியத்தில் இளம் தொழிலாளர்களிடையே பணியாற்றிய ஜோசப் கார்டைன் "பார், சீர்தூக்கு, செயல்படு" என்ற மூன்று படிகளைப் பழக்கப்படுத்தியிருந்தார். 1961-இல் திருத்தந்தை 23-ஆம் யோவானின் சுற்றுமடல் ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் "பார்" என்ற முதல் படி எளிதாகத் தெரிவதுதான் சிக்கல். அரகுவாயாவில் கண்ணுக்குத் தெரிவது என்ன? பட்டா இல்லாமல் தலைமுறையாகப் பயிரிட்டு வந்த பொசெய்ரோ எனப்படும் குடியானவர்கள் விரட்டப்படுகிறார்கள். வடகிழக்கிலிருந்து தரகர்கள் கூட்டிவந்த கூலிகள் பண்ணைக் கடையில் கடன்பட்டு வெளியேற முடியாமல் கிடக்கிறார்கள். இதெல்லாம் காட்சி. காரணம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

லியோனார்டோ போஃப், க்ளொடோவிஸ் போஃப் என்ற பிரேசில் சகோதரர்கள் 1986-இல் எழுதிய சிறிய அறிமுக நூலில், ஏழ்மைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மூன்று விளக்கங்களைப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது, ஏழ்மை என்பது சோம்பல், அறியாமை அல்லது துரதிர்ஷ்டம். இப்படிப் பார்த்தால் தீர்வு தர்மம். இரண்டாவது, ஏழ்மை என்பது பின்தங்கிய நிலை. கடன், தொழில்நுட்பம், சாலை எல்லாம் வந்தால் சரியாகிவிடும், தீர்வு சீர்திருத்தம். மூன்றாவது, ஏழ்மை என்பது பொருளாதாரம் அமைக்கப்பட்ட விதத்தின் விளைவு. ஒரு பக்கத்தில் செல்வம் சேர்வதும் மறுபக்கத்தில் வறுமை வளர்வதும் ஒரே இயக்கம். தீர்வு அமைப்பையே மாற்றுவது.

இவற்றை அரகுவாயாவில் பொருத்திப் பார்ப்போம். "பொசெய்ரோவுக்குப் பட்டா வாங்கத் தெரியவில்லை" என்பது முதல் விளக்கம். "அமேசான் இன்னும் வளர்ச்சியடையவில்லை" என்பது இரண்டாவது. அன்றைய இராணுவ அரசு சொன்னதும் அதுதான். இடர் என்னவென்றால், வெளியேற்றத்தைச் செய்ததே அந்த வளர்ச்சித் திட்டம். அமேசானில் முதலீடு செய்யும் நிறுவனங்கள், தாம் கட்ட வேண்டிய வருமான வரியில் 50 சதவீதம் வரை அந்த முதலீட்டுக்கே திருப்பிக்கொள்ளலாம் என்று 1966-க்குப் பின் சட்டம் இருந்தது. சாவ் பாவ்லோவில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு மாட்டோ குரோசோவில் மாட்டுப் பண்ணை தொடங்குவது, ஏறக்குறைய அரசாங்கப் பணத்தில் நிலம் வாங்குவது போல ஆயிற்று. நிலத்தை வளைத்துப் போடுவதே லாபம் என்றானபின், அதில் ஏற்கெனவே குடியிருப்பவர் இடைஞ்சல். மூன்றாவது விளக்கம் மட்டுமே வரிச் சட்டத்தையும் விரட்டப்பட்ட குடும்பத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கிறது.

இதற்குப் பிறகே வேதம் வருகிறது. "வீட்டோடே வீட்டைச் சேர்த்து, வயலோடே வயலைக் கூட்டுகிறவர்களுக்கு ஐயோ" என்ற ஏசாயாவின் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகுப்பாய்வு இல்லாமல் வாசித்தால், பேராசை பிடித்த நாலு பண்ணையார்களுக்கு எதிரான பிரசங்கமாக அது முடியும். பண்ணையார் மனம் திரும்பினால் போதும் என்று தோன்றும். பகுப்பாய்வோடு வாசித்தால், நல்ல மனிதர்களையும் அதே வேலையைச் செய்யவைக்கும் ஒரு வரிச் சலுகை கண்ணில் படும். 1968-இல் கொலம்பியாவின் மெடலினில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் "நிறுவனமயமான வன்முறை" என்று சொன்னது இதைத்தான். மூன்றாம் படியான செயலுக்கும் இது திசை காட்டியது. 1975-இல் பிரேசில் திருச்சபையில் நிலப் பணிக்குழு தொடங்கப்பட்டது. நிலத் தகராறுகள், வெளியேற்றங்கள், கொலைகள் ஆகியவற்றை எண்ணி 1980-களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் அது அறிக்கை வெளியிடுகிறது. ஆண்டறிக்கை தயாரிப்பதும் இறைப்பணி என்று ஆனது இந்த முறையால்தான்.

இந்த இணைப்பு எப்படி நியாயமாகும் என்பதை மிக விரிவாக யோசித்தவர் க்ளொடோவிஸ் போஃப். 1978-இல் வெளியான ஆய்வில் அவர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். நிலம் ஏன் சிலர் கையில் குவிந்தது என்பதைச் சொல்ல இறையியலுக்குத் தனித் திறமை கிடையாது. அது சமூக அறிவியலின் வேலை. அந்தக் குவிப்பு கடவுள் முன் என்னவாகிறது என்பதைச் சொல்ல சமூக அறிவியலுக்குத் தகுதி கிடையாது. ஆகவே சமூக அறிவியல் முடித்துத் தரும் பொருள் இறையியலுக்குக் கச்சாப் பொருளாகிறது. இறையியல் அதைத் தன் சொந்தக் கருவியான விசுவாசத்தால் செதுக்குகிறது. (கச்சாப் பொருள், கருவி, விளைபொருள் என்ற இந்தப் பிரிப்பையே அவர் பிரெஞ்சு மார்க்சியத் தத்துவவாதி அல்தூசரிடமிருந்து எடுத்தார் என்பது பின்னால் வந்த சண்டைக்கு ஒரு சுவையான முன்னுரை.)

இந்த இணைப்பு பிசகும் இடங்களையும் அவர் பட்டியலிட்டார். தேர்வுக்குப் படிப்பவர்கள் இவற்றில் இரண்டையாவது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எந்தப் பகுப்பாய்வும் இல்லாமல், எல்லாவற்றுக்கும் வேதமே போதும் என்று இறையியல் நினைப்பது ஒன்று. இதை அடையாளம் காண்பது சுலபம்: காரணம் கேட்டால் "பாவம்" என்ற ஒரே பதில் வரும். மற்றது இரண்டு மொழிகளையும் குழப்பிக் கலப்பது. "இறையாட்சி என்பது நிலச் சீர்திருத்தம்" என்று ஒருவர் எழுதினால், அங்கே நிலச் சீர்திருத்தம் பற்றிய ஆய்வும் இல்லை, இறையாட்சி பற்றிய இறையியலும் இல்லை.

வத்திக்கான் கை வைத்தது சரியாக இந்த மூட்டில்தான். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கர்தினால் ராட்சிங்கர் தலைமையில், 1984 ஆகஸ்ட் 6 தேதியிட்ட ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. ஏழைகளின் விடுதலை என்ற இலக்கை அது மறுக்கவில்லை; விடுதலை இறையியல் முழுவதையும் தள்ளவுமில்லை. அதன் வாதம் வேறு. மார்க்சியத்திலிருந்து பகுப்பாய்வை மட்டும் எடுத்துக்கொண்டு உலகநோக்கை விட்டுவிட முடியாது, இரண்டும் ஒரே பின்னல் என்றது. வர்க்கப் போராட்டத்தைச் சமூகத்தின் அடிப்படை விதியாக ஏற்றால், திருச்சபைக்குள்ளேயே பகை அணிகள் உருவாகும், உண்மையே ஒரு அணியின் சொத்தாகிவிடும் என்றும் எச்சரித்தது. அறிவியல் என்ற பெயர் இருப்பதாலேயே ஒரு கருதுகோளை விமர்சனமின்றி ஏற்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. என் மதிப்பீட்டில் இந்தக் கடைசிப் புள்ளிதான் மற்றவற்றைவிட வலுவானது.

இறையியலாளர்கள் தந்த பதில், மார்க்ஸ் வழித்துணையாக வரலாம், வழிகாட்டியாக அல்ல என்பது. போஃப் சகோதரர்கள் அப்படித்தான் எழுதினார்கள். அரகுவாயா மடலைப் பார்த்தால் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. வரிச் சலுகைக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவ மார்க்சின் வரலாற்றுப் பொருள்முதல்வாதம் முழுவதும் தேவையில்லை. பதிவேடும் சட்டப் புத்தகமும் போதும். ஆனால் எல்லா நூல்களும் அந்த அளவு கட்டுப்பாட்டோடு எழுதப்படவில்லை. 1985-இல் லியோனார்டோ போஃபுக்கு மௌனக் கட்டளை பிறப்பிக்கப்பட்டது. 1986-இல் பேராயத்தின் இரண்டாவது அறிவுறுத்தல் தொனி தணிந்து வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பிரேசில் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், விடுதலை இறையியல் பயனுள்ளது மட்டுமல்ல, தேவையானதும்கூட என்றார்.

அடுத்த விமர்சனம் பொருளாதாரத்திலிருந்து வந்தது. பெரு நாட்டின் குஸ்தாவோ குத்தியெரெஸ் 1971-இல் வெளியிட்ட அடிப்படை நூல் சார்புக் கோட்பாட்டின் மேல் சாய்ந்திருந்தது. ஏழை நாடுகள் கச்சாப் பொருளை மலிவாக விற்று, ஆலைப் பொருளை விலை கொடுத்து வாங்குவதால் பணக்கார நாடுகளின் ஓரத்திலேயே சிக்கிக்கொள்கின்றன என்பது அதன் சுருக்கம். தென் கொரியாவும் தைவானும் உலகச் சந்தைக்குள்ளேயே தொழில்மயமானபோது இந்தக் கோட்பாடு தடுமாறியது. அரகுவாயாவிலும் அது முழுதாகப் பொருந்தவில்லை. சுயா-மிசூவைத் தொடங்கியவர்கள் பிரேசில் முதலாளிகள், சலுகை தந்தது பிரேசில் அரசு. 1988-இல் குத்தியெரெஸ் தன் நூலைத் திருத்தியபோது, சார்புக் கோட்பாடு ஒவ்வொரு நாட்டின் உள் இயக்கத்தையும் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, வர்க்கப் போராட்டம் பற்றிய பகுதியையும் மாற்றி எழுதினார்.

"ஏழைகள்" என்ற ஒற்றைச் சொல் எத்தனை பேரை மறைக்கிறது என்பது மூன்றாவது விமர்சனம். சுயா-மிசூ அமைந்த நிலம் ஷவாந்தே பழங்குடியினருடையது. 1966-இல் அவர்கள் விமானப்படை விமானங்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். போன இடத்தில் தட்டம்மையில் பலர் இறந்தார்கள். 1992-இல் அந்த நிலம் அவர்களுக்குத் திரும்பும் என்று அறிவிக்கப்பட்டதும், அரசியல்வாதிகளும் பண்ணையார்களும் தூண்ட, நிலமற்ற விவசாயிகள் உட்பட வெளியார் பலர் அதில் குடியேறினார்கள். பண்ணையார் எதிர் பொசெய்ரோ என்ற கோட்டை வைத்துக்கொண்டு இந்தச் சண்டையைப் படிக்கவே முடியாது. கசல்தாலிகா ஷவாந்தேக்களின் பக்கம் நின்றார். 2012-இல் நீதிமன்ற உத்தரவுப்படி குடியேறியவர்கள் அகற்றப்பட்டபோது, 84 வயதில் கொலை மிரட்டலால் அவர் சில காலம் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது.

பெண்ணிய இறையியலாளர்களும் இதே குறையைச் சுட்டினார்கள்: ஏழைகளின் வீட்டுக்குள் நடக்கும் ஆதிக்கம் வர்க்கக் கணக்கில் வருவதில்லை. இந்தியாவில் 1980-களில் அரவிந்த் நிர்மல், வர்க்கத்தை மட்டும் பார்க்கும் பகுப்பாய்வு சாதியைக் காணாமல் போகிறது என்று வாதிட்டு, தலித் இறையியலுக்கு வழி திறந்தார். சென்னை குருகுல் இறையியல் கல்லூரி அதன் முக்கிய மையமாயிற்று. இவர்கள் யாரும் சமூகப் பகுப்பாய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. கருவி போதாது என்றார்கள்.

கடைசி அடி உள்ளிருந்து விழுந்தது. 2007-இல் க்ளொடோவிஸ் போஃப், தான் வகுத்த அதே வேலைப் பிரிவினையை வைத்தே தன் இயக்கத்தை விசாரித்தார்: இறையியலின் முதல் அடிப்படை கிறிஸ்துவாக இருக்க வேண்டும், நடைமுறையில் ஏழை அந்த இடத்துக்கு நகர்ந்துவிட்டார், அதனால் விசுவாசம் ஏழையின் விடுதலைக்கான வெறும் கருவியாகச் சுருங்கிவிட்டது என்றார். அடுத்த ஆண்டு பகிரங்கமாக மறுத்து எழுதியவர் அவருடைய அண்ணன் லியோனார்டோ. கடவுளே மனிதனாகி ஏழையோடு தன்னை இணைத்துக்கொண்டபின், ஏழையிடமிருந்து தொடங்குவது கிறிஸ்துவிடமிருந்து விலகுவதாகாது என்பது அவர் வாதம்.